குடியிருந்தவர் இடையில் போனால் மீதி வாடகை முழுவதையும் கேட்கலாமா?

கேள்வி

ஐயா, வெள்ளவத்தையில் எனக்கு மூன்று அறை பிளாட் ஒன்று இருக்கிறது. என் கணவர் காலமான பிறகு அந்த வாடகைதான் எனக்கு வருமானம். 2025 ஜனவரியில் இருந்து இரண்டு வருடத்துக்கு நொத்தாரிசு உறுதி எழுதி ஒரு தம்பிக்குக் கொடுத்தேன். மாதம் 120,000 ரூபா. மூன்று மாத வாடகை 360,000 வைப்பாக வாங்கினேன். இடையில் போவதைப் பற்றி உறுதியில் ஒன்றும் இல்லை. வேலை மாறியதால் ஒக்டோபர் 8ஆம் திகதி வட்ஸ்அப்பில் சொல்லிவிட்டு, மாதக் கடைசியில் திறப்பை வாட்சரிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். நவம்பரில் தன் கந்தோரில் வேலை செய்யும் ஒரு கணவன் மனைவியை அனுப்பினார். டிசம்பர் முதல் 110,000க்கு வரத் தயார் என்றார்கள். லண்டனில் இருக்கும் மகன், "வேறு ஆளுக்குக் கொடுத்தால் பழையவர் தப்பிவிடுவார், பூட்டி வையுங்கள், 14 மாத வாடகையையும் கேட்போம்" என்றார். அவர்கள் மச்சம் சமைப்பவர்கள் என்பதாலும் எனக்கு மனம் வரவில்லை, வேண்டாம் என்றுவிட்டேன். டிசம்பரில் மகள் குடும்பம் டொரொன்டோவில் இருந்து வந்து மூன்று வாரம் அங்கே தங்கியது. இப்போது ஜனவரி முடியப்போகிறது. வீடு பூட்டிக் கிடக்கிறது. 16 இலட்சத்து 80 ஆயிரத்தையும் கேட்கலாமா?

வாசகி, கொழும்பு 6

பதில்

அம்மா, முழுத் தொகையும் கிடைக்காது. வீட்டைப் பூட்டி வைக்கும் ஒவ்வொரு மாதமும் உங்கள் கையில் இருந்துதான் போகிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த வாரமே நீங்கள் செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. அதற்குப் பிறகு காரணத்தைப் பார்ப்போம்.

அந்தத் தம்பி செய்தது ஒப்பந்த மீறல். அதில் சந்தேகம் இல்லை. இரண்டு வருடக் குத்தகையை நொத்தாரிசு முன்னிலையில் எழுதியிருக்கிறீர்கள், அது மிக நல்லது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகளைத் தடுக்கும் கட்டளைச் சட்டத்தின் 2ஆம் பிரிவுப்படி ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு உறுதியாக இருக்க வேண்டும். முத்திரை ஒட்டிய வெறும் தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்து வைத்திருந்தால், "இரண்டு வருடம்" என்ற பேச்சே நிற்காது. மாத வாடகைக்கு இருந்தவராகத்தான் அவரைக் கருதுவார்கள், ஒரு மாத அறிவித்தலோடு கதை முடிந்துவிடும். கொழும்பில் பாதிக் கணக்குகள் இங்கேயே விழுந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் கணக்கு விழவில்லை. அவர் உங்களுக்கு நட்டஈடு தர வேண்டியவர்தான். எவ்வளவு என்பதுதான் கேள்வி.

மகன் சொன்னதை அலட்சியமாகத் தள்ளிவிட வேண்டாம். அவர் இருக்கும் நாட்டில் சட்டம் பெரும்பாலும் அப்படித்தான். 2006இல் இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றம், ஒரு அலுவலகக் கட்டடத்தை வாடகைக்கு எடுத்தவர்கள் இடையில் விட்டுப்போன வழக்கில், குத்தகையை முடிவுக்குக் கொண்டுவராமல் வாடகையை மட்டும் கேட்கும் வீட்டுக்காரர் புது ஆள் தேட வேண்டிய கட்டாயம் இல்லை என்று தீர்ப்புச் சொன்னது. மகன் அங்கே இதைக் கேள்விப்பட்டிருப்பார். ஆனால் மகள் இருக்கும் ஒன்டாரியோவில் நிலைமை நேர்மாறு. அங்கே குடியிருப்பு வாடகைச் சட்டத்திலேயே, மீறலால் பணம் கேட்பவர் தன் நட்டத்தைக் குறைக்க நியாயமான முயற்சி எடுக்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். இரண்டு பிள்ளைகளும் ஆளுக்கொரு விதமாகச் சொன்னாலும், அவரவர் ஊருக்கு இருவருமே சரியாகத்தான் சொல்வார்கள்.

வெள்ளவத்தை வீட்டுக்கு நம்முடைய சட்டம்தான் பொருந்தும். இலங்கையில் ஒப்பந்தங்களுக்கும் குத்தகைக்கும் அடிப்படையாக இருப்பது உரோம டச்சுச் சட்டம். அதே சட்ட மரபில் வந்த தென்னாபிரிக்காவின் உயர் நீதிமன்றத்தின் மேன்முறையீட்டுப் பிரிவு 1915இல் ஒரு மின்சக்திக் கம்பனிக்கும் சுரங்கக் கம்பனிக்கும் இடையிலான வழக்கில் சொன்ன விதியை இன்றும் எடுத்துக்காட்டுவார்கள். ஒப்பந்தம் மீறப்பட்டவரை, பணத்தால் முடிந்தவரை, மீறல் நடக்காதிருந்தால் எந்த நிலையில் இருந்திருப்பாரோ அந்த நிலைக்குக் கொண்டுவர வேண்டும். அதே நேரத்தில் அவரும் தன் நட்டத்தைக் குறைக்க நியாயமான நடவடிக்கை எடுத்திருக்க வேண்டும். எடுக்காததால் கூடிய பகுதியை மற்றவர் தலையில் கட்ட முடியாது.

இதைக் "கடமை" என்று சொன்னாலும், நீங்கள் ஆள் தேடவில்லை என்பதற்காக அவர் உங்கள் மீது வழக்குப் போட முடியாது. யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தி விளம்பரம் போட வைக்கவும் முடியாது. நீங்கள் பணம் கேட்டு நீதிமன்றம் போகும்போதுதான் இது தலைகாட்டும். தேடியிருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய தொகையை நீதிபதி உங்கள் கணக்கில் இருந்து கழித்துவிடுவார், அவ்வளவுதான்.

சரி, மகன் சொல்லும் வழி இங்கே அறவே கிடையாதா? ஒரு வழி இருந்தது. குடியிருப்பவர் இடையில் விட்டுப்போகும்போது சட்டம் வீட்டுக்காரருக்கு இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யும் உரிமையைக் கொடுக்கிறது. ஒன்று, "நீ போனதை நான் ஏற்கவில்லை, குத்தகை நடக்கிறது, வீடு உனக்காகத் திறந்தே இருக்கிறது, மாதாமாதம் வாடகையைக் கட்டு" என்று ஒப்பந்தத்தைப் பிடித்து நிற்பது. மற்றது, "நீ முறித்தாய், நானும் முடித்துக்கொள்கிறேன், எனக்கு வந்த நட்டத்தைத் தா" என்று குத்தகையை முடித்து நட்டஈடு கேட்பது. ஆள் தேடும் கடமை முழு வலுவோடு வருவது இரண்டாவது வழியில்தான். முதல் வழியில் நிற்பவர் கேட்பது வாடகைக் கடன், அங்கே இந்தக் கடமை அதே விதமாகப் பொருந்தாது.

ஆனால் முதல் வழியில் நிற்பவர் அதற்கேற்றபடி நடக்க வேண்டும். வீடு சட்டப்படி இன்னும் அவருடைய குடியிருப்பு. திறப்பை வாங்கி வைத்துக்கொண்டு நம் இஷ்டத்துக்கு உள்ளே போகக்கூடாது, வேறு யாரையும் குடிவைக்கக்கூடாது. "நான் ஏற்கவில்லை" என்று எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் அப்படி ஒன்றும் எழுதவில்லை. வாட்சரிடம் இருந்த திறப்பு உங்களிடம் வந்தது. டிசம்பரில் மகள் குடும்பத்தை அந்த வீட்டில் தங்க வைத்தீர்கள். பெற்ற பிள்ளைகளை நம் வீட்டில் தங்க வைப்பதில் என்ன தப்பு என்று கேட்பீர்கள். தப்பு இல்லை. ஆனால் இன்னொருவருடைய குத்தகை நடந்துகொண்டிருக்கும் வீட்டில் மகளைத் தங்க வைத்திருக்க மாட்டீர்கள். வீடு திரும்ப உங்கள் கைக்கு வந்துவிட்டது என்று நீங்களே ஏற்றுக்கொண்டதற்கு அது போதுமான சான்று. அவருடைய சட்டத்தரணி கேட்கும் முதல் கேள்வியே அதுவாக இருக்கும். ஆகவே நீங்கள் இப்போது இரண்டாவது வழியில்தான் நிற்கிறீர்கள். உண்மையில் உங்களைப் போல வாடகையை நம்பி வாழ்பவருக்கு அந்த வழிதான் நல்லது. வேறு ஊருக்குப் போன ஒருவரிடம் மாதாமாதம் வாடகை கேட்டு வழக்குப் போட்டுக்கொண்டு, வருமானம் இல்லாமல் உட்கார்ந்திருக்க முடியாது.

மகனுடைய உண்மையான பயம் வேறு: புது ஆளைக் குடிவைத்தால் பழையவரை மன்னித்துவிட்டதாக ஆகிவிடுமா? ஆகாது. நட்டத்தைக் குறைக்க வேண்டும் என்று சட்டமே சொல்லும்போது, அதைச் செய்ததற்காக உங்கள் உரிமை எப்படிப் போகும்? ஆனாலும் இதை வாயால் விடாமல் எழுத்தில் வைத்துவிடுங்கள். உறுதியில் இருக்கும் அவருடைய விலாசத்துக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போடுங்கள். அதையே படம் எடுத்து வட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள். இவ்வளவு போதும்:

"இரண்டு வருடக் குத்தகையை நீங்கள் 2025 ஒக்டோபர் 31ஆம் திகதி முறித்து வீட்டை விட்டுச் சென்றீர்கள். அதன் அடிப்படையில் குத்தகை முடிவுக்கு வந்ததாக நான் கருதுகிறேன். எனக்கு ஏற்படும் நட்டத்தைக் குறைப்பதற்காக வீட்டை வேறொருவருக்கு வாடகைக்குக் கொடுக்க முயற்சி செய்கிறேன். இதனால் உங்களிடம் நட்டஈடு கோரும் என் உரிமை எதையும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. பொருத்தமான ஆள் உங்களுக்குத் தெரிந்தால் அறிவிக்கவும்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். அவர் ஆள் அனுப்பாவிட்டால், "நான் எத்தனையோ பேரைக் கொண்டுவந்திருப்பேன்" என்று பிறகு சொல்ல முடியாது.

இனி, "நியாயமான முயற்சி" என்றால் எவ்வளவு? இதில்தான் வீட்டுக்காரர்கள் இரண்டு பக்கமும் தடுமாறுகிறார்கள். அளவுகோல் இதுதான்: குத்தகை ஒழுங்காக முடிந்து வீடு காலியாகியிருந்தால், யாரிடமும் ஒரு சதம் வராது என்று தெரிந்திருந்தால், ஆள் பிடிக்க நீங்கள் என்ன செய்திருப்பீர்களோ அதைச் செய்ய வேண்டும். வெள்ளவத்தையில் அதற்கு ஒரு வழக்கம் இருக்கிறது. ஒரு தரகரிடம் சொல்வோம், இக்மனில் படங்களோடு விளம்பரம் போடுவோம், பல்கனியில் போர்ட் தொங்கவிடுவோம், கட்டடத்தில் இருப்பவர்களிடமும் கோயிலில் தெரிந்தவர்களிடமும் சொல்லி வைப்போம். அதைச் செய்தால் போதும். இதற்கு மேல் செலவழித்து ஊரெல்லாம் அலைய வேண்டும் என்று எந்த நீதிபதியும் எதிர்பார்க்க மாட்டார். வாடகை கட்டுவாரா என்று சந்தேகமான ஆளை எடுக்கத் தேவையில்லை. அடிமாட்டு விலைக்கு விடத் தேவையில்லை. வேலைக்கடிதமும் அடையாள அட்டைப் பிரதியும் கேட்டு, இரண்டு நாள் விசாரித்து முடிவெடுப்பது உங்கள் உரிமை.

ஆனால் முயற்சி முயற்சியாக இருக்க வேண்டும். நான் அடிக்கடி பார்ப்பது, 120,000க்கு இருந்த வீட்டுக்கு 150,000 என்று விளம்பரம் போட்டுவிட்டு, "தேடினேன், ஆள் வரவில்லை" என்று வந்து நிற்பது. அந்தச் சுற்றுவட்டத்தில் அதே அளவு வீடு 120,000க்கும் 125,000க்கும் போகும்போது 150,000 கேட்டால், அந்த விளம்பரமே உங்களுக்கு எதிரான சாட்சி ஆகிவிடும். கூட்டிக் கேட்க ஆசையாக இருந்தால் முதல் இரண்டு வாரம் 130,000 கேட்டுப் பாருங்கள், அழைப்பு வராவிட்டால் இறக்குங்கள். இறக்கிய திகதியைக் குறித்து வையுங்கள். கூடிய வாடகைக்கே ஆள் கிடைத்தால் நல்லது, ஆனால் பழையவருடைய குத்தகைக் காலம் முடியும் வரை கிடைக்கும் அந்த மேலதிகம் அவர் தர வேண்டிய தொகையில் இருந்து குறையும் என்பதையும் தெரிந்து வைத்திருங்கள். இன்னொன்று, இந்தச் சந்தர்ப்பத்தில் குளியலறை ஓடுகளை மாற்றுவோம், சமையலறையைப் புதுப்பிப்போம் என்று இரண்டு மாதம் வேலை வைப்பது. வேலை செய்யலாம், அந்த இரண்டு மாத வாடகையை அவரிடம் கேட்க முடியாது. பெயின்ட் அடித்துச் சுத்தம் பண்ண எடுக்கும் ஒரு வாரம் வேறு விஷயம்.

அந்தக் கணவன் மனைவி விஷயத்துக்கு வருவோம். உங்கள் வழக்கில் பலவீனமான இடம் இதுதான். பழையவர் கொண்டுவந்த ஆளை நீங்கள் எடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் மறுத்ததற்குக் காரணம் இருக்க வேண்டும், அந்தக் காரணம் வீட்டையும் வாடகையையும் பற்றியதாக இருக்க வேண்டும். "பழையவர் தப்பிவிடுவார்" என்பது காரணமாகவே எடுபடாது, நட்டத்தைக் கூட்டுவதற்காக மறுத்ததாகிவிடும். மச்சம் பற்றிய மனவருத்தம் எனக்குப் புரிகிறது, உங்கள் தலைமுறையில் பல அம்மாமார் வீட்டை அப்படிப் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள். பழைய உறுதியை எடுத்துப் பாருங்கள். சைவச் சமையல் மட்டும் என்ற நிபந்தனை அதில் இருந்து, அந்தத் தம்பியும் அதை ஏற்று இருந்திருந்தால், அதே நிபந்தனையைப் புது ஆளுக்கும் போடுவது நியாயம் என்று வாதாடலாம். உறுதியில் அப்படி இல்லை என்றால், அவருக்குப் போடாத நிபந்தனையைப் புதிதாகப் போட்டு, அதனால் வீடு காலியாகக் கிடந்த செலவை அவரிடம் கேட்க முடியாது. இனி வரும் குத்தகையில் அந்த நிபந்தனையைப் போட உங்களுக்கு முழு உரிமை உண்டு, ஆனால் அதனால் ஆள் கிடைக்கத் தாமதமானால் அந்தத் தாமதம் உங்களுடையது.

இப்போது தொகையைப் பார்ப்போம். நீங்கள் அவர்களை எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நவம்பர் ஒரு மாதம் காலி, 120,000. டிசம்பரில் இருந்து 2026 டிசம்பர் வரை 13 மாதம், மாதம் 10,000 குறைவு, ஆக 130,000. புது உறுதி எழுதும் செலவு 40,000 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 290,000. உங்கள் கையில் வைப்பு 360,000 இருக்கிறது. அதில் 290,000 கழித்தால், அவருக்கு நீங்கள் 70,000 திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும்.

16 இலட்சத்து 80 ஆயிரத்தில் தொடங்கிய கணக்கு இப்படி முடிகிறதே என்று அதிர்ச்சியாக இருக்கும். நீதிபதி கேட்பது ஒரே கேள்வி: இந்த முறிவால் உங்களுக்கு உண்மையில் தவிர்க்க முடியாமல் போன பணம் எவ்வளவு?

இதை நிரூபிக்கும் பொறுப்பு அவருடையது என்பது உங்களுக்குச் சாதகம். வீட்டுக்காரர் முயற்சிக்கவில்லை, முயன்றிருந்தால் இன்ன வாடகைக்கு ஆள் கிடைத்திருப்பார் என்று எதிராளிதான் காட்ட வேண்டும். அந்தக் கணவன் மனைவி வெறுமனே பார்த்துவிட்டுப் போனவர்கள் என்றால் அவருக்குச் சிரமம். ஆனால் அவர்கள் விலை சொல்லி, திகதி சொல்லி, அதுவும் வட்ஸ்அப்பில் எழுதியிருந்து, வேறிடத்தில் அதே வாடகைக்குக் குடியேறியும் இருந்தால், அவர்களே சாட்சி சொல்ல வருவார்கள். உங்களுக்கும் அவர்களுக்கும் இடையே போன செய்திகளை அழித்துவிடாதீர்கள். அவர் பக்கத்தில் அவை இருக்கும், உங்கள் பக்கத்தில் இல்லாவிட்டால் இன்னும் மோசமாகத் தெரியும்.

இன்றில் இருந்து நீங்கள் தேடத் தொடங்கினால் என்ன ஆகும்? மார்ச் முதலாம் திகதி 115,000க்கு ஒரு குடும்பம் வந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். நவம்பரில் இருந்து பெப்ரவரி வரை நான்கு மாதம் காலி, 480,000. மார்ச் முதல் டிசம்பர் வரை 10 மாதம், 5,000 வீதம் 50,000. தரகர் கூலியும் உறுதிச் செலவும் 100,000 என்று போடுவோம். ஆக 630,000. இதில் டிசம்பர் மாதத்தை நீங்களாகவே விட்டுவிடுங்கள், மகள் குடும்பம் தங்கிய மாதத்துக்கு வாடகை கேட்பது எடுபடாது. அது போக 510,000. வைப்பைக் கழித்தால் மேலதிகமாக நீங்கள் கேட்கக்கூடியது 150,000. தரகர் கூலியில் ஒரு பகுதியை அவர் மறுப்பார், எப்படியும் 2026 முடிவில் உங்களுக்கு அந்தச் செலவு வந்திருக்கும் என்பார். அதிலும் ஓரளவு நியாயம் இருக்கிறது. காலியாக இருந்த மாதங்களின் பராமரிப்புக் கட்டணம், உறுதிப்படி அவர் கட்ட வேண்டியதாக இருந்தால், உங்கள் பக்கம் சேரும்.

ஆக, எல்லாம் உங்களுக்குச் சாதகமாகப் போனால் 150,000 கிடைக்கும். மறுத்த ஆள் விஷயத்தில் நீதிபதி அவர் பக்கம் நின்றால் 70,000 நீங்கள் கொடுக்க வேண்டிவரும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் உங்கள் வழக்கு நிற்கிறது. அதனால் நான் உங்களுக்குச் சொல்வது, வைப்புத் தொகையை நீங்கள் வைத்துக்கொண்டு, இரண்டு பக்கமும் இனி ஒன்றும் கேட்பதில்லை என்று எழுதிக் கையெழுத்து வைப்பதுதான் இந்த விஷயத்தில் கிடைக்கக்கூடிய நல்ல முடிவு. அவருக்கும் மனம் வரும் என்றே நினைக்கிறேன். சொல்லாமல் ஓடிய ஆள் இல்லை அவர், மூன்று வாரம் முன்னால் சொன்னார், தனக்குப் பதிலாக ஆளும் அனுப்பினார். மகன் இப்போதே 16 இலட்சத்து 80 ஆயிரம் கேட்டு ஒரு கோரிக்கைக் கடிதம் அனுப்பிவிட்டால் இந்தக் கதவு மூடிவிடும். அவரும் ஒரு சட்டத்தரணியைப் பிடித்து, வைப்பைத் திருப்பிக் கேட்டுப் பதில் போடுவார்.

உறுதியில் ஒரு வரியை மட்டும் கவனித்துப் படியுங்கள். "இடையில் முறித்தால் மீதிக் காலத்து வாடகை முழுவதையும் செலுத்த வேண்டும்" என்றோ "வைப்பு இழக்கப்படும்" என்றோ இருக்கிறதா? இடையில் போவதைப் பற்றி ஒன்றும் இல்லை என்கிறீர்கள், ஆனால் மீறல் பற்றிய பொதுப் பிரிவில் சிலவேளை அது ஒளிந்திருக்கும். மீதி வாடகை முழுவதும் என்று இருந்தாலும் உடனே மகிழ வேண்டாம். உண்மையான நட்டத்துக்கு எந்தப் பொருத்தமும் இல்லாத தண்டப்பணமாக அது தெரிந்தால் எதிராளி அதைக் குறைக்கச் சொல்லி வாதாடுவார். வீட்டுக்கு வேறு ஆளிடம் வாடகை வாங்கிக்கொண்டே இவரிடமும் அதே மாதங்களுக்கு வாங்குவதை எந்த நீதிமன்றமும் விரும்பி ஏற்காது. மூன்று மாத வைப்பை இழப்பது பற்றிய பிரிவு இருந்தால் அது வேறு, அந்த அளவு தொகை நியாயமாகத் தெரியும், நான் மேலே சொன்ன சமரசத்துக்கும் அது பலம் கொடுக்கும்.

சமரசம் சரிவராவிட்டால், கேட்கும் தொகை சட்டம் குறித்த வரம்புக்குள் இருக்கும்போது நேரே மாவட்ட நீதிமன்றம் போக முடியாது. முதலில் மத்தியஸ்த சபைக்குப் போய், இணக்கம் ஏற்படவில்லை என்ற சான்றிதழோடுதான் வழக்குத் தொடர வேண்டும். உங்கள் தொகைக்கு அது தேவையா என்று வழக்கு எழுதும் சட்டத்தரணி பார்த்துச் சொல்வார். மத்தியஸ்த சபையில் சட்டத்தரணிகள் வாதாடுவதில்லை, இரண்டு பேரும் நேரில் பேச வேண்டும். இந்தக் கணக்கைத் தாளில் எழுதிக்கொண்டு போனால் அங்கேயே முடிந்துவிடக்கூடிய விஷயம் இது.

அதுவரைக்கும் ஒரு கொப்பியில் குறிப்பு வையுங்கள். எந்தத் திகதியில் எங்கே விளம்பரம் போட்டீர்கள், எவ்வளவு கேட்டீர்கள், யார் அழைத்தார்கள், யார் வந்து பார்த்தார்கள், எவ்வளவு தருகிறேன் என்றார்கள், ஏன் சரிவரவில்லை. விளம்பரத்தைத் திரையில் படம் எடுத்து வையுங்கள், இணையத்தில் இருந்து அது பிறகு மறைந்துவிடும். தரகரிடம் சொன்னதையும் ஒரு வட்ஸ்அப் செய்தியாக அனுப்பி வையுங்கள், வாய்ப்பேச்சு ஆறு மாதத்தில் யாருக்கும் நினைவிருக்காது. நவம்பர், டிசம்பரில், புதுப் பள்ளிக்கூட வருடத்துக்கு முன்னால்தான் குடும்பங்கள் அதிகமாக வீடு தேடுவார்கள், அந்தக் காலம் போய்விட்டது. ஆகவே மார்ச்சில் ஆள் கிடைக்காமல் ஏப்ரல் புத்தாண்டுக்குப் பிறகு போனாலும், கொப்பியில் முயற்சி தெரிந்தால் அந்த மாதங்களுக்காக உங்களைக் குறை சொல்ல முடியாது. கொப்பி வெறுமையாக இருந்தால் ஒவ்வொரு மாதமும் உங்கள் கணக்கில்தான் ஏறும்.

புது ஆளுக்கு உறுதி எழுதும்போது, இரண்டு மாத எழுத்து அறிவித்தலோடு யாரும் விலகலாம், அந்தக் காலத்தில் ஆள் காட்ட வீட்டைத் திறந்துவிட வேண்டும் என்று ஒரு பிரிவு சேர்க்கச் சொல்லி நொத்தாரிசிடம் கேளுங்கள். முதல் ஆறு மாதத்துக்குள் விலக முடியாது என்றும் சேர்க்கலாம். அந்தப் பிரிவு இருந்திருந்தால் இந்தத் தம்பி டிசம்பர் வரை வாடகை கட்டியிருப்பார், நீங்களும் அவர் இருக்கும்போதே ஆள் தேடியிருப்பீர்கள். பதிவுத் தபால் ரசீதையும் பழைய உறுதியின் பிரதியையும் எடுத்து வையுங்கள், அவரிடம் இருந்து பதில் வந்ததும் மூன்றையும் கொண்டுபோய் உங்கள் சட்டத்தரணியிடம் காட்டுங்கள்.